தொகையிட முடியாத ஊசல்

ஒரு மீட்டர் நீளமுள்ள இலேசான கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு நுனியில் சிறிய இரும்புக் குண்டு ஒன்று இருக்கிறது. மறு நுனியைச் சுவரிலுள்ள ஓர் ஆணியில் தடையின்றிச் சுழலுமாறு மாட்டியிருக்கிறோம். இதுதான் நமது ஊசல். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஊசலைச் செங்குத்து நிலையிலிருந்து நாலைந்து பாகைக்கு மேல் விலக்கக்கூடாது என்று ஆசிரியர் எச்சரிப்பார். அந்த எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டால் அலைவு நேரம் 2π√(l/g) என்ற வாய்பாடு செல்லும். ஒரு மீட்டர் ஊசலுக்கு அது ஏறத்தாழ 2.007 விநாடி. இன்று நாம் அந்த எச்சரிக்கையை மீறப் போகிறோம். கம்பி தரைக்கு இணையாக, கிடைமட்டமாக நிற்கும்வரை குண்டை உயர்த்தி, தள்ளாமல் மெல்ல விட்டுவிடுவோம். குண்டு அடிப்புள்ளிக்கு வந்துசேர எத்தனை விநாடி ஆகும்?

கணக்கைத் தொடங்குவது எளிது. கம்பி கிடைமட்டத்திலிருந்து x ரேடியன் இறங்கியிருக்கும்போது குண்டு l sin x உயரம் தாழ்ந்திருக்கும். இழந்த நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறியிருக்குமாதலால், அவ்விடத்தில் குண்டின் வேகம் √(2gl sin x). அடுத்த சிறு கோணம் dx-ஐக் கடக்க அது l dx தூரம் செல்ல வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இத்தகைய சிறு நேரங்களையெல்லாம் x = 0 முதல் x = π/2 வரை கூட்டினால்,

நேரம் = √(l/2g) × I,

I = ∫ dx/√(sin x)  (0 முதல் π/2 வரை)

என்று வருகிறது. l = 1 மீட்டர், g = 9.8 எனக் கொண்டால் முன்னாலுள்ள பெருக்கெண் 0.2259. இனி I என்னும் தொகையீட்டைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஆனால் இங்கேதான் இரண்டு இடர்கள் ஒன்றாகச் சேர்ந்து வழியை மறிக்கின்றன.

முதல் இடர்: இந்தச் சார்புக்கு எதிர்வகையீடு கிடைக்காது. அதாவது, வகையிட்டால் 1/√(sin x) வரக்கூடிய சார்பு ஒன்றை, நமக்குப் பழக்கமான பல்லுறுப்புக் கோவை, மூலம், அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை, திரிகோண கணிதச் சார்புகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு முடிவுள்ள கோவையாக எழுத இயலாது. u = sin x எனப் பிரதியிட்டுப் பார்த்தால் இது ∫ du/√(u – u³) என மாறுகிறது. மூலக்குறிக்குள் முப்படிக் கோவை வந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வகைத் தொகையீடுகளுக்கு நீள்வட்டத் தொகையீடுகள் என்று பெயர். நீள்வட்டத்தின் சுற்றளவைக் காண முயன்றபோது இவற்றையொத்தவை முதலில் தலைகாட்டியதால் அப்பெயர். இவற்றுக்கு அத்தகைய கோவை இல்லவே இல்லை என்பதைப் பிரெஞ்சுக் கணிதமேதை லியூவில் 1830களில் நிறுவினார். ஆகவே இது நம் திறமைக் குறைவன்று. எவ்வளவு முயன்றாலும் கிடைக்காத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இரண்டாம் இடர் இன்னும் அடிப்படையானது. x = 0 என்னும் இடத்தில் sin x = 0. எனவே தொகையிட வேண்டிய சார்பு அங்கே 1/0 ஆகிறது. x சுழியை நெருங்க நெருங்க வளைவரை எல்லையின்றி மேலே போகிறது. ஊசலைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும்: விடுவித்த கணத்தில் குண்டுக்கு வேகமே இல்லை. வேகம் சுழியாக உள்ள இடத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால், தூரத்தைச் சுழியால் வகுக்க வேண்டியிருக்கிறது. வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு வானளாவிய ஒரு தூணைப்போல் உயர்ந்துகொண்டே போகிறது. அதன் அகலமோ குறைந்துகொண்டே போகிறது. இப்படிப்பட்ட பரப்பு முடிவுள்ள ஓர் எண்ணா, அல்லவா?

"குண்டு கீழே வருவதைத்தான் கண்ணால் பார்க்கிறோமே, இதில் என்ன ஐயம்?" என்று கேட்கலாம். நாம் எழுதிய தொகையீடு அந்த உண்மையைச் சொல்கிறதா என்பதே கேள்வி. ஏறத்தாழ இதே போன்ற தோற்றமுடைய வேறொரு தொகையீட்டைப் பின்னால் பார்க்கப் போகிறோம். அந்த ஊசல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எந்நாளும் போய்ச் சேர்வதில்லை.

இரண்டு அளவுகோல்கள்

இவ்வாறு சார்பு ஓரிடத்தில் எல்லையின்றி உயர்ந்தாலோ, தொகையிடும் இடைவெளி முடிவின்றி நீண்டாலோ, அதை முறையிலாத் தொகையீடு என்பார்கள். அதற்குப் பொருள் கொடுக்கும் வழி இதுதான். தொல்லை தரும் முனையிலிருந்து h அளவு தள்ளி நின்று, h முதல் தொகையிட வேண்டும். பிறகு h-ஐச் சுழியை நோக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கிடைக்கும் விடைகள் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கினால் தொகையீடு ஒருங்குகிறது என்றும், இல்லையேல் விரிகிறது என்றும் சொல்கிறோம்.

பாடநூலில் வரும் எடுத்துக்காட்டுகளில் எதிர்வகையீடு கையில் இருக்கும். 1/√x என்பதன் எதிர்வகையீடு 2√x. h முதல் 1 வரை தொகையிட்டால் 2 – 2√h. h சுழியை நெருங்கும்போது இது 2-ஐ நெருங்குகிறது; ஒருங்குகிறது. 1/x என்பதற்கோ எதிர்வகையீடு ln x. h முதல் 1 வரை தொகையிட்டால் – ln h. h குறையக் குறைய இது எல்லையின்றி வளர்கிறது, விரிகிறது. படத்தில் இரண்டு வளைவரைகளும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இரண்டுமே சுழியருகே வானத்தை நோக்கிப் பாய்கின்றன. ஆனால் ஒன்றின் கீழுள்ள பரப்பு 2, மற்றதன் பரப்புக்கு அளவில்லை. பொதுவாக 1/xᵖ என்னும் சார்பு சுழியருகே p ஒன்றைவிடக் குறைந்தால் ஒருங்கும். ஒன்றோ அதற்கு மேலோ ஆனால் விரியும். இவைதாம் நம் அளவுகோல்கள். எதிர்வகையீடு தெரியாத சார்பை இவற்றின் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பதே ஒப்பீட்டுச் சோதனை.

நம் ஊசலுக்கு வருவோம். 0 முதல் π/2 வரை sin x-இன் வளைவரையை ஒரு தாளில் வரைந்து, தொடக்கப் புள்ளியையும் உச்சிப் புள்ளியையும் ஓர் அடிக்கோலால் இணையுங்கள். வளைவரை வில்லைப்போல் மேல்நோக்கி வளைந்திருப்பதால் நேர்கோடு அதற்குக் கீழேயே கிடக்கும். அந்த நேர்கோட்டின் சமன்பாடு y = 2x/π. ஆகவே இவ்விடைவெளி முழுவதிலும்

sin x ≥ 2x/π

என்பது உறுதி. இருபுறமும் வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் சமனிலியின் திசை மாறும்:

1/√(sin x) ≤ √(π/2) × 1/√x

வலப்புறம் இருப்பது நமக்குத் தெரிந்த 1/√x-தான். முன்னால் ஒரு மாறிலி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அதன் கீழுள்ள பரப்பு √(π/2) × 2√(π/2), அதாவது சரியாக π. கீழே கிடக்கும் வளைவரையின் பரப்பு மேலே உள்ளதைவிட மிகுதியாக இருக்க முடியாது. எனவே I என்பது π-ஐ மிஞ்சாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. h முதல் π/2 வரை உள்ள பரப்பை F(h) என்போம். h-ஐக் குறைக்கும்போது பரப்புடன் புதிய கீற்றுகள் சேருகின்றன. சார்பு எங்குமே குறையெண் ஆவதில்லை என்பதால் F(h) ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காது. அதே சமயம் அது π என்னும் கூரையை முட்டித் தாண்டவும் முடியாது. ஏறிக்கொண்டே இருந்து, ஒரு கூரைக்குள் அடங்கியும் இருக்கும் அளவு ஏதோ ஓர் எண்ணை நெருங்கியே தீர வேண்டும். இது மெய்யெண்களின் அடிப்படைப் பண்பு. அந்த எண் எது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அது கூரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; மாணவர் பலர் I = π என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியன்று. விடை ஒன்று உண்டு, அது π-க்கு மேற்பட்டதன்று என்று மட்டுமே இந்தச் சோதனை சொல்கிறது.

கூரை கிடைத்ததுபோல் தரையும் கிடைக்கும். sin x ≤ x என்பது யாவரும் அறிந்தது. அதைத் தலைகீழாக்கினால் 1/√(sin x) ≥ 1/√x. எனவே I குறைந்தது 2√(π/2), அதாவது 2.5066 ஆகவேனும் இருக்கும். இப்போது I என்பது 2.5066-க்கும் 3.1416-க்கும் இடையில் சிக்கிக்கொண்டது. 0.2259-ஆல் பெருக்கினால், குண்டு அடிப்புள்ளிக்கு வர 0.566 விநாடிக்குக் குறையாமலும் 0.710 விநாடிக்கு மேற்படாமலும் ஆகும். எதிர்வகையீடு இல்லாமலேயே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

உண்மை விடையையும் சொல்லிவிடுகிறேன். I = 2.62206. இதை விரைவாகக் காண ஓர் அழகிய வழியை 1799-இல் காஸ் கண்டறிந்தார். 1, √2 என்னும் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் கூட்டுச் சராசரியையும் பெருக்குச் சராசரியையும் காணுங்கள்: 1.207107, 1.189207. இவ்விரண்டுக்கும் மீண்டும் அதையே செய்தால் 1.198157, 1.198124. இன்னொரு முறை செய்தால் இரண்டும் 1.198140-இல் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. π-ஐ இந்த எண்ணால் வகுத்தால் நம் I. இதன் காரணத்தை விளக்கத் தனிக் கட்டுரையே வேண்டும். ஆக, குண்டு கீழே வர 0.592 விநாடி, போய்த் திரும்பும் முழு அலைவுக்கு அதன் நான்கு மடங்கு, 2.369 விநாடி. ஆய்வுக்கூட வாய்பாடு தந்த 2.007-ஐவிட இது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அதிகம். ஆசிரியர் எச்சரித்தது வீணன்று.

அந்த முதல் அரைப் பாகை

கணிப்பொறி இருக்கையில் இந்த ஒப்பீடெல்லாம் எதற்கு, நேரே கூட்டிவிடலாமே என்று தோன்றலாம். x = 0-இல் வகுத்தல் இயலாதென்பதால், 0-க்குப் பதில் 0.01-இலிருந்து தொடங்குவோம் என்று ஒருவர் முடிவு செய்கிறார் எனக் கொள்வோம். 0.01 ரேடியன் என்பது அரைப் பாகையைவிடச் சற்றே மிகுதி. தொண்ணூறு பாகையில் அரைப் பாகையை விட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

அவர் விட்ட பகுதியை நம் அளவுகோலால் அளப்போம். அவ்வளவு சிறிய கோணத்தில் sin x-உம் x-உம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே விடுபட்ட பரப்பு 2√0.01, அதாவது 0.2. மொத்தமே 2.622-தான். பயணத்தின் நூற்று ஐம்பதில் ஒரு பங்குத் தூரத்தை விட்டவர், நேரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டார்! விநாடியில் இது 0.045. இது சரிதானா என்று இயற்பியலைக் கொண்டே சோதிக்கலாம். கிடைமட்டத்தில் விடுவித்த குண்டு முதலில் நேர்கீழாகத்தான் விழத் தொடங்குகிறது, 0.01 ரேடியன் என்பது ஒரு சென்டிமீட்டர் வீழ்ச்சி. ஒரு சென்டிமீட்டர் விழ ஆகும் நேரம் √(2 × 0.01/9.8), அதுவும் 0.045 விநாடியே.

ஆகவே ஒப்பீட்டுச் சோதனை 'ஒருங்கும்' என்று தீர்ப்புச் சொல்வதோடு நிற்பதில்லை. எவ்வளவை வெட்டினால் எவ்வளவு இழப்பு என்பதையும் சொல்கிறது. இழப்பு 2√h என்பதால், வெட்டும் இடத்தை நூறு மடங்கு நெருக்கினால் இழப்பு பத்து மடங்கு மட்டுமே குறையும். நான்கு தசமத் தானம் சரியாக வேண்டுபவர் வெறுமனே நெருக்கிக்கொண்டே போகாமல், விடுபட்ட 2√h-ஐத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை.

எந்தப் பக்கம் ஒப்பிடுவது?

இச்சோதனையில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒப்பீட்டின் திசை. சுழியருகே sin x என்பது x²-ஐவிடப் பெரிது. எனவே 1/√(sin x) ≤ 1/x என்பதும் உண்மையான சமனிலிதான். ஒருவர் இதை எழுதி, "1/x விரிகிறது, ஆகவே நம் தொகையீடும் விரிகிறது" என்று முடித்தால் ஊசல் கீழே வராது என்று ஆகிவிடும். எங்கே பிசகு? கூரை எல்லையற்ற உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து அதற்குக் கீழே இருப்பவர் உயரத்தைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. அதேபோல் 1/√(sin x) ≥ 1/√x என்னும் நம் இரண்டாம் சமனிலியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருங்கும் என்று சொல்லவும் முடியாது. தரை முடிவுள்ள உயரத்தில் இருப்பது கூரைக்குச் சான்றாகாது. ஒருங்குவதைக் காட்ட, ஒருங்கும் ஒன்றைவிடச் சிறியது என்று காட்ட வேண்டும். விரிவதைக் காட்ட, விரியும் ஒன்றைவிடப் பெரியது என்று காட்ட வேண்டும். மற்ற இரண்டு வகை ஒப்பீடுகளும் உண்மையாக இருந்தாலும் ஊமைகள்.

சமனிலி விரும்பிய திசையில் அமையாவிட்டால் ஒரு மாறிலியால் பெருக்கிப் பார்க்கலாம். நாம் செய்ததும் அதுவே. 1/√(sin x) என்பது 1/√x-ஐவிடப் பெரியது. ஆனால் √(π/2) மடங்கு 1/√x-ஐவிடச் சிறியது. மாறிலிப் பெருக்கம் ஒருங்குவதை விரிவதாகவோ விரிவதை ஒருங்குவதாகவோ மாற்றிவிடாது. இதையே இன்னும் சுருக்கி, இரண்டு சார்புகளின் விகிதம் முனையை நெருங்கும்போது சுழியல்லாத ஒரு முடிவுள்ள எண்ணை நெருங்கினால் இரண்டுக்கும் ஒரே தலைவிதி என்றும் கூறுவார்கள். தேர்வு எழுதுவோருக்கு அது வசதி. ஆனால் அது 'ஆம், இல்லை' என்று மட்டுமே சொல்லும், 2.5066, 3.1416 போன்ற எண்களைத் தராது. என்னைக் கேட்டால், சமனிலியைத் தேடுவதற்கு ஆகும் சிறு உழைப்பு வீண்போவதில்லை என்பேன்.

இன்னொரு நிபந்தனையையும் மறக்கக்கூடாது. சார்பு குறையெண் ஆகாதிருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகும் என்ற வாதம் அதன்மேல்தான் நிற்கிறது. (sin x)/x போல மேலும் கீழும் மாறிமாறிப் போகும் சார்பானால், அதன் எண்மதிப்பை எடுத்து ஒப்பிடலாம். அது ஒருங்கினால் மூலச் சார்பும் ஒருங்கும். ஒருங்காவிட்டால் முடிவு எதுவும் இல்லை. உண்மையில் (sin x)/x என்பது 1 முதல் முடிவிலி வரை ஒருங்குகிறது. அதன் எண்மதிப்போ விரிகிறது. அங்கே வேறு கருவி வேண்டும்.

போய்ச் சேராத ஊசல்

இனி முன்னர் வாக்களித்த மற்ற ஊசல். நம்மிடம் இருப்பது நூலன்று, கம்பி. ஆகவே குண்டு ஆணிக்கு நேர்மேலே போய் நிற்கவும் இயலும். அடிப்புள்ளியில் இருக்கும் குண்டை, சரியாக உச்சியைத் தொடுவதற்கு எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு வேகத்தில் தட்டிவிடுவோம். இரண்டு மீட்டர் உயர அந்த வேகம் √(4gl), ஏறத்தாழ விநாடிக்கு 6.26 மீட்டர். உச்சியில் வேகம் சுழியாகும். கிடைமட்டத்தில் விட்டபோதும் முனையில் வேகம் சுழிதான். அப்படியானால் இதுவும் முடிவுள்ள நேரத்தில் போய்ச் சேர வேண்டுமல்லவா?

இம்முறை x என்பது உச்சியிலிருந்து அளந்த கோணம். உச்சிக்குக் கீழே குண்டின் ஆழம் l(1 – cos x). நேரத்துக்கு வரும் தொகையீடு

∫ dx/√(1 – cos x)  (0 முதல் π வரை)

இதற்கு எதிர்வகையீடு உண்டு, மடக்கையில் எழுதலாம். ஆனால் அது நமக்குத் தேவையே இல்லை. 1 – cos x = 2 sin²(x/2) என்பதால் அது x²/2-ஐ மிஞ்சாது. வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால்,

1/√(1 – cos x) ≥ √2 × 1/x

இது சரியான திசை ஒப்பீடு. வலப்புறம் விரிகிறது, அதைவிடப் பெரிதான இடப்புறமும் விரிகிறது. குண்டு உச்சியை எந்நாளும் அடையாது!

அடையாது என்றால் எப்படி அடையாது என்பதையும் அளவுகோல் காட்டுகிறது. h-ஐப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் தொகையீட்டுடன் குறைந்தது √2 × ln 10 சேருகிறது. நம் ஊசலுக்கு அது 0.735 விநாடி. 0.1 ரேடியனிலிருந்து 0.01-க்குப் போக ஏறத்தாழ முக்கால் விநாடி, 0.01-இலிருந்து 0.001-க்கு மீண்டும் ஏறத்தாழ முக்கால் விநாடி, இப்படியே. தூரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது, நேரமோ சுருங்குவதில்லை. கணிப்பொறியில் கூட்டிப் பார்ப்பவர் கவனிக்க வேண்டிய அடையாளமும் இதுவே. வெட்டும் இடத்தை நெருக்கும்போது சேரும் அளவு ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போனால் ஒருங்குகிறது என்று ஐயுறலாம். சிறுக்காமல் அதே அளவு சேர்ந்துகொண்டிருந்தால் விரிகிறது என்று ஐயுற வேண்டும். இரண்டும் ஐயங்களே. தீர்ப்பைச் சமனிலிதான் தர முடியும்.

இரண்டு ஊசல்களுக்கும் வேறுபாடு எங்கிருந்து வந்தது? கிடைமட்டத்தில் விட்ட குண்டு உடனே செங்குத்தாக இறங்குகிறது; இழந்த உயரம் x-க்கு நேர்விகிதம், வேகம் √x-க்கு நேர்விகிதம், ஆகவே 1/√x. உச்சியில் பாதை தட்டையாக இருக்கிறது. அங்கே குண்டைப் பாதைவழியே இழுக்கும் விசையே இல்லை. உயர வேறுபாடு x²-க்கு நேர்விகிதம், வேகம் x-க்கு நேர்விகிதம், ஆகவே 1/x. உச்சிக்கு ஒரு பாகை இப்பால், அதாவது செங்குத்திலிருந்து 179 பாகையில் வைத்து விட்டாலும் சிறிதளவு சரிவு இருப்பதால் 1/√x வகையே வரும். முழு அலைவு ஏறத்தாழ 7.8 விநாடியில் முடிந்துவிடும். காற்றும் ஆணியின் உராய்வும் உள்ள உண்மை ஊசல் உச்சியருகே என்ன செய்யும் என்பது வேறு கணக்கு. நம் தொகையீடு அவற்றைக் கருதவில்லை.

முடிவின்றி நீளும் வால்

இதுவரை கண்டது சார்பு ஓரிடத்தில் எல்லையின்றி உயரும் வகை. மற்றொரு வகையில் சார்பு சாதுவாகவே இருக்கும். தொகையிடும் இடைவெளிதான் முடிவின்றி நீளும். அங்கே அளவுகோல் தலைகீழ்: தொலைவில் 1/xᵖ ஒருங்க வேண்டுமானால் p ஒன்றைவிட மிகுதியாக இருக்க வேண்டும். இவ்வகையில் புகழ்பெற்றது, புள்ளியியலில் மணி வடிவ வளைவரையாக வரும் e^(–x²). இதற்கும் எதிர்வகையீடு இல்லை. 0 முதல் முடிவிலி வரை இதன் பரப்பு ஓர் எண்ணா?

x ஒன்றைவிட மிகும்போது x² > x என்பதால் e^(–x²) < e^(–x). e^(–x) ஒருங்குகிறது, எனவே இதுவும் ஒருங்குகிறது. தீர்ப்புக்கு இது போதும். ஆனால் கணக்கிடுவதற்குப் போதாது. 3-க்கு அப்பாலுள்ள வாலை விட்டுவிட எண்ணினால், இந்த ஒப்பீடு அது e^(–3), அதாவது 0.05-ஐ மிஞ்சாது என்று மட்டுமே சொல்லும். கூரை மிக உயரத்தில் இருக்கிறது.

நல்ல கூரை ஒன்று அருகிலேயே இருக்கிறது. e^(–x²)-ஐத் தொகையிட முடியாததற்குக் காரணம் முன்னால் ஒரு x இல்லாததுதான். X e^(–x²) ஆக இருந்தால் எதிர்வகையீடு – ½ e^(–x²) என்று உடனே எழுதிவிடலாம். 3-க்கு அப்பால் x/3 ஒன்றைவிடப் பெரிது. ஆகவே அங்கே e^(–x²) என்பது (x/3) e^(–x²)-ஐவிடச் சிறியது. வலப்புறத்தைத் தொகையிட்டால் e^(–9)/6, அதாவது 0.0000206. இல்லாத x-ஐ நாமே கொண்டுவந்து வைத்ததில் வால் முழுவதும் ஐந்தாம் தசமத் தானத்துக்குப் போய்விட்டது.

இனி 0 முதல் 3 வரை சரிவக விதியால் கையாலேயே கூட்டலாம். அரை அலகு இடைவெளியில் சார்பின் மதிப்புகள் 1, 0.77880, 0.36788, 0.10540, 0.01832, 0.00193, 0.00012. முதலும் கடைசியும் பாதி, மற்றவை முழுமை. கூட்டி அரையால் பெருக்கினால் 0.88619. உண்மையான முழுப் பரப்பு √π/2, அதாவது 0.88623. இங்கே இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. ஒன்று சரிவக விதியின் பிழை. இடைவெளியைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழக் கால்பங்காகும். மற்றது வெட்டிய வாலின் பிழை. இடைவெளியை எவ்வளவு நுணுக்கினாலும் இது ஓர் இம்மியும் குறையாது; வெட்டும் இடத்தைத் தள்ளினால்தான் குறையும். 3-ஐ 4 ஆக்கினால் அதே ஒப்பீட்டின்படி வால் e^(–16)/8 என்னும் அளவுக்குள், அதாவது 0.000000015-க்குள் அடங்கிவிடுகிறது.